வட்டம் வராத மூலை

கல்யாண வீட்டில் யாராவது என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். உண்மையைச் சொன்னால் நம்பமாட்டார்கள், பொய் சொன்னால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா முறைப்பார். கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். உண்மையில் அந்தக் காலத்தில் நான் வட்டம்தான் போட்டுக்கொண்டிருந்தேன். காலையில் மலாக்காவில் இருக்கும் குருபோங்குக்குப் போய், கார் சாமான் கடைக்கு மேலே இருந்த எங்கள் ஆபீஸில் உட்கார்ந்து, சாயங்காலம் வரை வட்டம் போடுவேன். அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது கைத்தொலைபேசியில் ஆடும் ஒரு கேம். நாற்பது பேர், எண்ணெய் எடுக்கும் பனை வளர்க்கிற ஒரு செம்பனைத் தோட்டத்துக்குள் இறங்குவார்கள். கடைசிவரை உயிரோடு இருப்பவர் ஜெயித்தவர். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் நாற்பது பேரையும் சும்மா விட்டால் ஆளுக்கொரு புதரில் படுத்துக்கொள்வார்கள், ஆட்டம் முடியவே முடியாது. மனிதர்களின் பயத்தை நான் குறைத்து மதிப்பிட்டிருந்தேன் என்று முதல் சோதனையிலேயே தெரிந்தது. அதனால்தான் வட்டம். ஒரு பெரிய வட்டத்தை வரைபடத்தில் காட்டுவோம். கொஞ்ச நேரம் கழித்து அதற்கு வெளியே இருப்பவர்களின் உயிர் கரையத் தொடங்கும். பிறகு அதற்குள்ளேயே ஒரு சின்ன வட்டம், அதற்குள் இன்னொன்று, கடைசியில் ஒன்றுமே இல்லாமல் சுருங்கிவிடும். பயந்தவர்களும் எழுந்து ஓடி வந்து ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்தாக வேண்டும்.

அந்த வட்டம் எங்கே விழுவது, எவ்வளவு நேரம் காத்திருப்பது, எவ்வளவு வேகத்தில் சுருங்குவது என்பதெல்லாம் என் பொறுப்பு. ஆரம்பத்தில் நிதானம் வேண்டும். தோட்டத்தின் கடைக்கோடியில் இறங்கியவருக்கும், அறிவிப்பு வந்தவுடன் கிளம்பினால் வட்டத்தைத் தொட்டுவிடும் அளவுக்கு நேரம் கொடுக்க வேண்டும். போகப் போகக் காத்திருப்பைக் குறைத்து, வெளியே நின்றால் விழும் அடியைக் கூட்ட வேண்டும். நடுவில் ஆட்டம் சோம்பினால் ஆட்கள் வாட்சப் பார்க்கப் போய்விடுவார்கள். அதிகம் அவசரப்படுத்தினாலோ, சண்டை போட்டுச் சாகாமல் ஓடியே சாவார்கள், என்னைத் திட்டுவார்கள்.

ஆபீஸில் என்னோடு இன்னும் இருவர். ஒருவர் புரோகிராம் எழுதுகிறவர், என்னைவிட மூத்தவர், நான் அண்ணே என்று கூப்பிடுவேன். நெற்றியில் விபூதி இல்லாமல் அவர் கீபோர்டைத் தொட்டு நான் பார்த்ததில்லை. ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்து, ஸ்கிரீனைத் துடைக்கக்கூடாது என்று மூன்று நாள் எங்களைப் படுத்தினார். இன்னொருத்தி தோட்டத்தை உருவாக்கிய பெண். மரம், வீடு, வேலி, மண் ரோடு எல்லாம் அவள் கைவேலை. அவள் அலோர் காஜா பக்கம். அப்பா பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். செம்பனை எப்படி இருக்கும் என்று இணையத்தில் தேடவேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. வெட்டிய மட்டைகளை வரிசைக்கு நடுவே எப்படி அடுக்குவார்கள், மழைக்குப் பிறகு லோரிச் சக்கரம் மண்ணில் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதெல்லாம் அவளுக்குப் பார்த்துப் பார்த்துப் பழக்கம். அவள் வேலை ஒப்பந்த வேலை. இந்தத் தோட்டம் நன்றாக எடுபட்டால் அடுத்த வரைபடமும் அவளுக்கு. இல்லையென்றால் வேறு இடம் தேட வேண்டியதுதான்.

கேமை வெளியிடப்போகிற கம்பெனியின் அதிகாரி ஒரு பெண்மணி, கோலாலம்பூரில் இருந்தார். வாரம் ஒரு முறை ஸ்கிரீனில் வருவார். ஒரு நாள் ஒரு படத்தைக் காட்டினார். எந்த இடத்தில் எவ்வளவு பேர் நடமாடினார்கள், எங்கே சண்டை நடந்தது என்பதை நிறத்தில் காட்டும் படம் அது. தோட்டத்தின் நடுவில் இருந்த எண்ணெய் ஆலை, ரத்தம் கட்டியதுபோல் சிவந்திருந்தது. வடகிழக்கு மூலை வெறும் நீலம். அங்கே யாருமே சாகவில்லை, அதாவது யாருமே வாழவும் இல்லை. மலிவான தொலைபேசிகளில் கேம் திணறுகிறது, யாரும் போகாத இடத்தை ஏன் சுமக்க வேண்டும், அதை வெட்டிவிடுங்கள் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்குக் கோபம் அதிகமாக வந்தது.

ஏனென்றால் அந்தத் தோட்டத்திலேயே நல்ல இடம் அதுதான். நாங்கள் அதைப் பின்மூலை என்போம். அங்கே உயரமான கட்டடம் ஒன்றும் கிடையாது. முழங்கால் ஆழக் கால்வாய்கள், மட்டைக் குவியல்கள், மண் ரோட்டுக்கு அடியில் ஓர் ஆள் தவழ்ந்து போகும் அளவுக்கு ஒரு சிமெண்டு குழாய். மேலே ஏறி நின்று சுட்டுவிட்டுப் போகிற வேலையெல்லாம் அங்கே நடக்காது. படுத்து, காது கொடுத்து, யோசித்துத்தான் ஆட வேண்டும். கடைசி நான்கு பேர் மோதுவதற்கென்றே அளவெடுத்துத் தைத்த இடம். அப்படித்தான் அவள் அதைச் செய்தாள். அதற்கு முன்னால், தோட்டத்திலிருந்து மூலைக்குத் திரும்பும் வாயிலில், ஒரு முனியாண்டி கோயிலும் வைத்திருந்தாள். தகரக் கூரை, வேல், சிவப்புத் துணி, எதிரில் ஒரு சிமெண்டு முற்றம்.

அதிகாரி ஸ்கிரீனிலிருந்து மறைந்த பிறகு அவள் அழவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். நான்தான் மேசையைத் தட்டினேன். ஒவ்வொரு சோதனையிலும் அவள் பின்மூலையில்தான் இறங்குவாள், வட்டம் வேறெங்கோ விழும், ஓடி ஓடி வழியிலேயே செத்துப்போவாள். நாங்களும் அவளை நடந்தே செத்தவள் என்று கேலி செய்வோம். அந்தக் கேலி அன்றைக்கு எனக்கு வேறு மாதிரி உறைத்தது. எப்போதாவது ஒரு தடவையாவது வட்டம் அங்கே வந்திருக்க வேண்டாமா?

"அக்கா, அது ரேண்டம்தானே? எல்லா எடத்துக்கும் வரும்னுதான நீங்க சொன்னீங்க?" என்றாள்.

நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன். ரேண்டம் என்றால் இப்படித்தான் இருக்கும், நமக்கு மட்டும் வராததுபோல் தோன்றும் என்று பலமுறை பிரசங்கமும் செய்திருக்கிறேன். மனிதர்களுக்கு அப்படித் தோன்றுவது உண்மைதான். ஆனால் தோன்றுவதையும் இருப்பதையும் பிரித்துப் பார்க்க எண்ணித்தான் ஆக வேண்டும். அதிகாரியிடம் ஒரு மாதம் தவணை கேட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அலோர் காஜாவில் நாங்கள் நடத்தும் சோதனை ஆட்டத்துக்கு அவரே நேரில் வருவதாகவும், அதைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகவும் ஒத்துக்கொண்டார்.

ஆட்களை வைத்து ஆடாமல், வட்டத்தை மட்டும் ஆயிரக்கணக்கில் போடவைத்து, கடைசி வட்டம் விழுந்த இடத்திலெல்லாம் ஒரு புள்ளி வைக்கச் சொன்னேன். அண்ணன் காப்பி குடித்து முடிப்பதற்குள் ஸ்கிரீன் புள்ளியால் நிறைந்தது. நடுவில் நெரிசல், விளிம்பில் அங்கொன்றும் இங்கொன்றும். ஆலைப் பக்கம் ஏன் அத்தனை சண்டை என்று அப்போதே புரிந்தது. ஆட்டக்காரர்கள் கணக்குப் போடவில்லை, ஆனால் நடுவில் நின்றால் பிழைக்கலாம் என்று அவர்கள் கால்களுக்குத் தெரிந்திருந்தது.

காரணம் எளிமையானது, பலரும் விழுகிற குழி. அடுத்த வட்டத்தின் மையத்தைத் தேர்ந்தெடுக்க, ஏதாவது ஒரு திசை, ஏதாவது ஒரு தூரம் என்று சீட்டுக் குலுக்கினோம். தூரத்தைச் சமமாகக் குலுக்கினால் பாதிப் புள்ளிகள் பாதித் தூரத்துக்குள்ளேயே விழுந்துவிடும். ஆனால் பாதித் தூரத்துக்குள் இருக்கிற நிலம் மொத்தத்தில் கால் பங்குதான். உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் ஒரே அளவு கோலப்பொடி கொடுத்தால், பெரிய வளையத்தில் பொடி மெலிந்துதானே தெரியும்? தூரத்துக்குப் பதிலாகப் பரப்பளவைச் சமமாகக் குலுக்கி, அதிலிருந்து வர்க்கமூலம் எடுத்துத் தூரத்தைக் கண்டுபிடித்தால் சரியாகிவிடும். ஒரே வரி. அண்ணன் மாற்றினார்.

அந்த ஒரு வரி மற்ற எல்லாவற்றையும் கலைத்தது. வட்டம் இப்போது நடுவை விட்டு விலகியும் விழுந்தது. அதனால் எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்கள் அதிகத் தூரம் ஓட வேண்டியிருந்தது, வழியில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். முதல் காத்திருப்பை நீட்டினேன். சுருங்கும் வட்டத்தின் சுவர் நெருங்கும் வேகத்தை ஆள் ஓடும் வேகத்துக்குக் கீழே இறக்கினேன். ஆட்டக்காரர்கள் உள்ளே வருவது ஒரு லோரியில், பிடித்த இடத்தில் குதித்துக்கொள்ளலாம். அது எப்போதும் மேற்கு வாசலில் நுழைந்து ஆலை வழியாகவே போய்க்கொண்டிருந்தது. முன்னால் குதித்தவர்களுக்கு நல்ல துப்பாக்கி, கடைசிவரை உட்கார்ந்திருந்தவர்களுக்கு நல்ல காற்று. லோரி எந்த வாசலிலும் நுழையலாம், எந்த மண் ரோட்டிலும் போகலாம் என்று மாற்றினோம். தொடக்கத்தில் எல்லாருக்கும் ஒரே இடம் கொடுக்க முடியாது. எந்த இடமும் எப்போதும் தோற்கிற இடமாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான் நான் கேட்டது.

எல்லாம் செய்துவிட்டு மறுபடி புள்ளி வைத்தோம். தோட்டம் முழுக்கப் பரவலாக விழுந்தன. அழகாக இருந்தது. வடகிழக்கில் மட்டும் ஒன்றுகூட இல்லை.

குறைவாக இருந்தால் விட்டிருப்பேன். ஒன்றுமே இல்லை என்பது என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. சாப்பிடும்போதும் அதே நினைப்பு. சாம்பார் எடுக்கக் கரண்டியை விட்டுவிட்டு மூடியை நீட்டினேன் என்று அம்மா திட்டினார். எது வட்டத்தை அங்கிருந்து விரட்டுகிறது? ஒவ்வொரு கட்டமாகப் பிரித்துப் பார்த்தேன். முதல் வட்டம் பின்மூலையைத் தாராளமாக உள்ளே சேர்த்துக்கொண்டது. இரண்டாவதில்தான் கைவிட்டது. இரண்டாவது வட்டங்களின் மையங்களை மட்டும் புள்ளியாக வைத்துப் பார்த்தேன். வடகிழக்கில் வெற்றிடம். அதன் ஓரம் கிழிந்த துணிபோல் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் அது வழவழவென்று வளைந்திருந்தது.

அந்தப் பெண்தான் பிஸ்கட் டின் மூடியைக் கொண்டுவந்து ஸ்கிரீனில் வைத்தாள். படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கியதும் வெற்றிடத்தின் ஓரமும் மூடியின் ஓரமும் ஒட்டிக்கொண்டன. தற்செயலாக விடுபட்ட இடம் இவ்வளவு உருண்டையாக இருக்காது. யாரோ காம்பஸ் வைத்துப் போட்டதுபோல் இருந்தது. அந்த மூடியின் நடுப்புள்ளி எங்கே என்று பார்க்க, அவள் புள்ளிகளுக்கு அடியில் தோட்டத்தின் படத்தைக் கொண்டுவந்தாள். மூடியை எடுத்துவிட்டு நான் நடுவில் விரல் வைத்தேன். விரலுக்குக் கீழே தகரக் கூரை. முனியாண்டி கோயில்.

இருவரும் ஒரே நேரத்தில் அண்ணனைத் திரும்பிப் பார்த்தோம். அவர் விபூதியைத் தடவிக்கொண்டார்.

விஷயம் இதுதான். கோயிலை முதன்முதலாக வரைபடத்தில் பார்த்த நாளே அவருக்கு மனம் கேட்கவில்லை. கடைசி வட்டம் கோயில் மேல் விழுந்தால் சாமி முன்னாலேயே ஆள் சாகுமே என்று பயந்திருக்கிறார். எங்களிடம் சொன்னால் சிரிப்போம் என்று சொல்லவில்லை. நான் சிரித்திருப்பேன் என்பதை மறுக்கமாட்டேன். அதனால் தானாகவே ஒரு விதி எழுதிவிட்டார். வட்டத்துக்குள் கோயில் வந்தால் அந்த வட்டம் செல்லாது, மறுபடி குலுக்கு. கடைசி வட்டத்துக்கு மட்டும் அதை வைத்தால் ஒரு சிக்கல் வரலாம், அதற்கு முந்தைய வட்டம் கோயிலைச் சுற்றியே விழுந்திருந்தால் விலகிப்போக இடம் கிடைக்காமல் கேம் குலுக்கிக்கொண்டே தொங்கி நிற்குமோ என்று யோசித்திருக்கிறார். ஆகவே முன்கூட்டியே தவிர்த்துவிடலாம் என்று எல்லா வட்டத்துக்கும் வைத்தார். முதல் வட்டம் மிகப் பெரிது, கோயில் இல்லாமல் விழவே விழாது, கேம் நிஜமாகவே தொங்கியது. எனவே முதலாவதை மட்டும் விட்டுவிட்டார்.

பின்மூலைக்குப் போகும் வழியில்தான் கோயில். மூலைக்குப் பின்னால் நிலம் இல்லை. இரண்டாவது வட்டமும் பெரியதுதான். அது மூலையில் உட்கார வேண்டுமானால் கோயிலையும் சேர்த்து மூடித்தான் ஆக வேண்டும். மூடினால் செல்லாது. இப்படி ஒரு சின்னக் கோயிலைக் காப்பாற்றப்போய், அதற்குப் பின்னால் இருந்த நிலம் முழுவதையும் ஊர்விலக்கம் செய்துவைத்திருந்தார்.

எனக்குக் கோபம் வர வேண்டும். வந்ததென்னவோ சந்தோஷம்தான். ஒரு புதிருக்கு விடை கிடைத்த சந்தோஷம். பிறகுதான் கோபம் வந்தது.

"முனியாண்டிக்கு ஆடு வெட்டலாம், சுருட்டு வைக்கலாம், பீர் ஊத்தலாம். ஆளு விழுந்தா மட்டும் ஆகாதாண்ணே?"

"ஆடு வேற மா. அது வேண்டிக்கிட்டது. இது சும்மா கொல்றது," என்றார் அவர். கேலிக்குச் சொல்லவில்லை. தன்னால் ஒரு பெண்ணுக்கு வேலை போகப்போகிறது என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்திருந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்டார். அவள் பதறிப்போய், கோயிலை அங்கே வைத்ததே நான்தானேண்ணே என்றாள்.

விதியை அழித்துவிடுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். கேட்டிருப்பார். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை அந்த முற்றத்தில் யாராவது விழும்போதும் அவர் கை நடுங்கும். அந்த நடுக்கத்தோடு அவர் எழுதும் புரோகிராமை நான் நம்பி வாங்க வேண்டும். அதனால் வேறு வழி இருக்கிறதா பார்க்கலாம் என்றேன். இரக்கத்தைவிட ஆவல்தான் அதில் அதிகம்.

அவரே ஒரு யோசனை சொன்னார். முற்றத்துக்குள் நிற்பவர்களைக் குண்டு தீண்டாது என்று வைத்துவிடலாம். எனக்குப் பார்த்தவுடன் ஓட்டை தெரிந்தது. இருந்தாலும் என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று கீழே கார் சாமான் கடையில் வேலை செய்பவர்களையெல்லாம் கூப்பிட்டு ஆடவிட்டோம். கடைசி வட்டம் கோயில்மேல் விழுந்தது. மிஞ்சியிருந்த அத்தனை பேரும் முற்றத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். ஒருவன் வேலுக்குப் பக்கத்தில் டான்ஸ் ஆடினான். யாரும் யாரையும் ஒன்றும் செய்யமுடியாது. வட்டம் சுருங்கி இல்லாமல் போனதும் எல்லாருக்கும் உயிர் கரைந்தது. உயிரைக் கூட்டும் மருந்துப் பெட்டி அதிகம் வைத்திருந்தவன் மருந்தைத் தின்றுகொண்டே ஜெயித்தான். அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். சாமி முன்னால் சண்டை போட்டுச் செத்திருந்தாலே மரியாதையாக இருந்திருக்கும் போல என்று முனகினார்.

கடைசியில் செய்தது இதுதான். கோயில் எந்த வட்டத்துக்குள்ளும் வரலாம், கடைசி ஒன்றைத் தவிர. கடைசி வட்டம் அதன்மேல் விழுந்தால் மறுபடி குலுக்குவதில்லை. முற்றத்தைத் தாண்டும் அளவுக்கு மட்டும், ஏதாவது ஒரு பக்கமாக நகர்த்திவிடுவது. அதற்கு முந்தைய வட்டம் முற்றத்தைவிட எவ்வளவோ பெரிது, அதனால் நகர இடம் எப்போதும் இருக்கும், கேம் தொங்காது. எந்தப் பக்கம் என்பதையும் குலுக்கியே முடிவு செய்தோம். இல்லையென்றால் விவரமானவன் எவனாவது கண்டுபிடித்து முன்கூட்டியே போய்ப் படுத்துக்கொள்வான். புள்ளி வைத்துப் பார்த்தோம். கோயில் இருந்த இடத்தில் சோற்றுப் பருக்கை அளவுக்கு ஒரு வெள்ளை. அதைச் சுற்றி, அதற்குப் பின்னால், மூலை வரைக்கும் புள்ளிகள். அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் அதிகாரி புள்ளியைப் பார்க்க வரவில்லை. ஆட்களைப் பார்க்க வருகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சில ஆட்டங்கள்தான் ஆடமுடியும். பின்மூலை தோட்டத்தில் ஒரு சிறு பங்கு. நியாயமாகக் குலுக்கினால் அன்றைக்கு வட்டம் அந்தப் பக்கம் எட்டியே பார்க்காமல் போகலாம். போவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். ரேண்டம் என்பது எந்த எண்ணிலிருந்து குலுக்கத் தொடங்குகிறது என்பதைப் பொறுத்தது. ஒரு நல்ல எண்ணைப் பார்த்து நான் வைத்துவிட்டால் இரண்டாவது ஆட்டத்திலேயே வட்டம் மூலையில் உட்காரும், ஒருவருக்கும் தெரியாது என்றேன். அவள் எனக்கு நன்றி சொல்வாள் என்று நினைத்தேன்.

"வேணாங்கா. இவ்ளோ நாளா அது தானா வரலயேன்னுதான வருத்தப்பட்டோம்? இப்ப நாமளே இழுத்துட்டு வந்தா என்னா அர்த்தம்? வந்தா வரட்டும் லா."

எனக்குச் சுருக்கென்றது. வட்டம் என் பொறுப்பு, நியாயம் பேசுகிறவள் நான். சரி என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை அலோர் காஜா மண்டபத்தில் மின்விசிறிகள் சத்தம் போட்டுக்கொண்டு சுற்றின. தொழிற்சாலையில் வேலை செய்யும் இளைஞர்கள், கல்லூரி மாணவிகள், ஒரு லோரி டிரைவர், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஆடிய ஓர் அம்மா என்று நாற்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். பின்னால் மேசையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்கள். அதிகாரி கையில் பால் இல்லாத தே ஓ டீயோடு சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொருவர் தோளுக்குப் பின்னாலும் நின்று பார்த்தார். முன்சுவரில் பெரிய திரையில் ஆட்டம் ஓடியது.

முதல் ஆட்டத்தில் வட்டம் தெற்கே விழுந்தது. நம் பெண் வழக்கம்போல் பின்மூலையில் குதித்து, வழக்கம்போல் வழியிலேயே செத்தாள். அடுத்தது ஆலைக்கு மேற்கே. அதற்கடுத்தது ஆற்றோரம். வேகம் நன்றாக இருந்தது, ஆட்கள் உட்கார்ந்த இடத்தில் நெளிந்தார்கள், சிரித்தார்கள். எனக்கு அதெல்லாம் கண்ணிலேயே படவில்லை. அண்ணன் வாசலுக்கு வெளியே போய் நின்று வாய்க்குள் எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். சாமியை வைத்து வட்டத்தை இழுக்கிறீர்களா, அதுவும் கள்ளாட்டம்தான் என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசி ஆட்டத்துக்கு முன்னால் அதிகாரி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். அந்தப் பெண் அதைப் பார்த்தாள். அந்த ஆட்டத்தில்தான் முதன்முறையாக அவள் பின்மூலைக்குப் போகவில்லை. எல்லாரோடும் சேர்ந்து ஆலையில் குதித்தாள். குதித்த சற்று நேரத்தில் மடியில் குழந்தை வைத்திருந்த அம்மா அவளைச் சுட்டுவிட்டார். தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

இரண்டாவது வட்டம் வடகிழக்கே போனது. மூன்றாவது கோயிலையும் மூலையையும் சேர்த்துப் பிடித்தது. நான்காவது கோயிலை விட்டு விலகி, மூலைக்குள் இறங்கியது. ஆட்கள் முன்பின் பார்த்திராத இடத்துக்குள் தட்டுத்தடுமாறி வந்தார்கள். மண்டபத்தில் பேச்சு மெல்ல அடங்கியது. திரையில் ஒருவர் மட்டைக் குவியலுக்குப் பின்னால், ஒருவர் வரப்பில், இருவர் கால்வாயில். யாரும் அசையவில்லை, ஆனால் யாரும் சும்மா இருக்கவும் இல்லை.

லோரி டிரைவர் கால்வாயில் படுத்திருந்தார். சுவர் அவர் முதுகை நெருங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு ரெண்டு கை தள்ளி அந்தச் சிமெண்டு குழாயின் வாய், புல் மறைத்திருந்தது. அவள் அவர் நாற்காலிக்கு நேர் பின்னால் போய் நின்றாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். உதட்டைக் கடித்துக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அவர் தவழ்ந்தார், புல்லை விலக்கினார், தயங்கினார். பிறகு குழாய்க்குள் நுழைந்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம், மட்டைக் குவியலுக்குப் பின்னால் இருந்தவரின் முதுகுக்குப் பின்னால் எழுந்தார். மண்டபமே கத்தியது.

அதிகாரி பையை இறக்கி நாற்காலியில் வைத்திருந்தார். எப்போது வைத்தார் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் வந்து, இதை வெட்ட வேண்டாம், பாரத்தை வேறெங்காவது குறையுங்கள் என்றார். நான் தலையாட்டினேன்.

லோரி டிரைவர் இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் நிற்பவள் யாரென்று அவருக்குத் தெரியாது. அவளிடம் திரும்பி, "நல்லாருக்கு மா இந்த எடம். இப்பத்தான் புதுசா போட்டாங்களா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே," என்றாள் அவள். "மொதல்லேருந்தே இருக்கு."